மேற்படிப்புக்குப் போகும் செவிலியரின் விலகல் கடிதம்

தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒரு ஸ்டாஃப் நர்ஸ் எம்.எஸ்சி. நர்சிங் சேர்வதற்காக வேலையை விடும்போது எழுதும் கடிதம் பெரும்பாலும் இரண்டில் ஒரு விதமாக அமைகிறது. ‘சொந்தக் காரணங்களால் பணியிலிருந்து விலகுகிறேன்’ என்று இரண்டு வரியில் முடித்துவிடுவது ஒன்று. ஒரு பக்கம் முழுக்க நிர்வாகத்தை வாயாரப் புகழ்ந்துவிட்டு, எந்தத் தேதியில் போகிறார் என்பதை மட்டும் சொல்லாமல் விடுவது மற்றொன்று. இரண்டுமே எழுதியவருக்குத்தான் பின்னால் தொல்லை தருகின்றன. மேற்படிப்புக்கான விலகல் கடிதம் வெறும் விடைபெறும் மரியாதை அல்ல. விடுவிப்பு ஆணை, பணி அனுபவச் சான்றிதழ், இறுதிக் கணக்கு, வருங்கால வைப்பு நிதிப் பதிவு ஆகிய நான்கும் இந்த ஒரு தாளைப் பார்த்தே தயாராகின்றன. ஆகவே கடிதத்தில் தேதியும் காரணமும் பொறுப்பு ஒப்படைப்பும் துல்லியமாக இருக்க வேண்டும். நன்றியும் அதே அளவு துல்லியமாக இருந்தால்தான் படிப்பவர் அதை நம்புவார். இந்த அத்தியாயம் சொல்ல வருவது இவ்வளவுதான். இதற்கான காரணங்களையும் மறுப்புகளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் கல்லூரி என்ன கேட்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இந்திய செவிலியர் மன்றத்தின் விதிப்படி எம்.எஸ்சி. நர்சிங் சேர்வதற்கு பி.எஸ்சி. நர்சிங்கில் குறைந்தது 55 சதவீத மதிப்பெண்ணும், அதை முடித்த பிறகு ஓராண்டுப் பணி அனுபவமும் வேண்டும். போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு அந்த ஓராண்டு, படிப்புக்கு முன்னால் இருந்தாலும் பின்னால் இருந்தாலும் போதும். மாநிலச் செவிலியர் மன்றத்தில் பதிவு பெற்றவராகவும் இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும்போது ‘பணியில் தொடர்கிறார்’ என்று ஒரு சான்று கொடுத்திருப்பீர்கள். சேரும் நாளில் விடுவிப்பு ஆணையோடு இறுதி அனுபவச் சான்றிதழையும் கொடுப்பீர்கள். இரண்டிலும் சேர்ந்த தேதி, பதவிப் பெயர், உங்கள் பெயர் ஆகிய மூன்றும் ஒத்துப்போக வேண்டும். முதல் சில மாதங்கள் ‘ட்ரெய்னி’யாக இருந்து பிறகு ஸ்டாஃப் நர்ஸ் ஆனவர்கள் இரண்டு தேதிகளையும் கடிதத்தில் குறிப்பிடுவது நல்லது. மன்றப் பதிவுக்கு முந்தைய மாதங்களைக் கல்லூரி அனுபவமாக எண்ணாமல் விடக்கூடும். அந்தக் கணக்கு சேர்க்கை நாளன்று தெரியவருவதைவிட இப்போதே தெரிந்துவிட்டால் சமாளிக்கலாம். திருமணத்துக்குப் பிறகு இன்ஷியல் மாறியவர்கள் பணியாளர் அடையாள அட்டையில் ஒரு பெயரும் மன்றப் பதிவில் வேறொரு பெயரும் வைத்திருப்பது சாதாரணமாக நடப்பது. கடிதத்தை மன்றப் பதிவில் உள்ள பெயரிலேயே எழுதி, பதிவு எண்ணையும் சேர்த்துவிட்டால் சான்றிதழைத் தட்டச்சு செய்பவர் அதைப் பார்த்தே அடிப்பார்.

அடுத்த சிக்கல் காலம். நியமன ஆணையில் ஒரு மாத முன்னறிவிப்பு என்று இருக்கும். கலந்தாய்வில் இடம் கிடைத்த பிறகு கல்லூரியில் சேரக் கிடைக்கும் அவகாசமோ பல நேரம் அதைவிடக் குறைவு. இந்த இடைவெளியை எப்படிக் கையாள்வது என்பதே இந்தக் கடிதத்தின் மையம். ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் 3.6.2022 அன்று சேர்ந்த ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர். மாதச் சம்பளம் 24,000 ரூபாய். முன்னறிவிப்பு 30 நாள். 1.8.2025 அன்று கடிதம் கொடுக்கிறார். 21.8.2025 அன்று கல்லூரியில் சேர வேண்டும். கடிதம் கொடுத்த நாளைக் கழித்து எண்ணினால் 30 நாள் ஆகஸ்ட் 31-ஆம் தேதி முடிகிறது. அவர் 19-ஆம் தேதியோடு நின்றுகொள்ள விரும்புகிறார். ஆக, 20 முதல் 31 வரை 12 நாள் குறைகிறது. கணக்கில் 7 நாள் ஈட்டிய விடுப்பு இருக்கிறது. அதை ஈடுகட்டினால் மீதி 5 நாள். நாளொன்றுக்கு 800 ரூபாய் வீதம் 4,000 ரூபாய். விடுப்பை இப்படி ஈடுகட்ட நிர்வாகம் ஒப்புக்கொள்வது அவர்கள் விதியைப் பொறுத்தது. பிடித்தம் மொத்தச் சம்பளத்திலா அடிப்படைச் சம்பளத்திலா என்பதையும் நியமன ஆணைதான் சொல்லும். அதனால் பேனாவை எடுப்பதற்கு முன் நியமன ஆணையை எடுத்து வாசியுங்கள். அவர் எழுத வேண்டிய கடிதம் இப்படி இருக்கலாம்:

அனுப்புநர்
(மன்றப் பதிவில் உள்ளபடி பெயர்)
ஸ்டாஃப் நர்ஸ், தீவிர சிகிச்சைப் பிரிவு
பணியாளர் எண், செவிலியர் மன்றப் பதிவு எண்

பெறுநர்
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்
வழி: செவிலியர் கண்காணிப்பாளர் அவர்கள்

நாள்: 1.8.2025

பொருள்: மேற்படிப்புக்காகப் பணி விலகல் – கடைசிப் பணிநாள் 19.8.2025 – தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 3.6.2022 முதல் தங்கள் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாகப் பணிபுரிந்து வருகிறேன். எம்.எஸ்சி. நர்சிங் படிப்பில் மருத்துவ–அறுவை சிகிச்சைச் செவிலியப் பிரிவில் எனக்கு இடம் கிடைத்துள்ளது. 21.8.2025 அன்று கல்லூரியில் சேர வேண்டும். ஆகவே பணியிலிருந்து விலகுகிறேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். 19.8.2025 பகல் ஷிப்ட் முடிவதோடு என் பணி நிறைவடையும். சேர்க்கை ஆணையின் நகலை இணைத்துள்ளேன்.

நியமன ஆணைப்படி 30 நாள் முன்னறிவிப்பு 31.8.2025 அன்று முடிகிறது. இதில் 12 நாள் குறைகிறது. என் கணக்கில் உள்ள 7 நாள் ஈட்டிய விடுப்பை இதற்கு ஈடாக எடுத்துக்கொண்டு, மீதி 5 நாளுக்கான சம்பளத்தை இறுதிக் கணக்கில் பிடித்தம் செய்து, 19.8.2025 அன்றே என்னை விடுவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வென்டிலேட்டரில் உள்ள நோயாளியைப் பராமரிக்க நான் கற்றது இந்த மருத்துவமனையில்தான். தீவிர சிகிச்சைப் பிரிவில் முதல் மூன்று மாதம் எந்த ஷிப்டிலும் என்னைத் தனியே விடாமல் ஒரு மூத்த செவிலியரோடு சேர்த்துப் பணி ஒதுக்கிய பிரிவுப் பொறுப்புச் செவிலியர் அவர்களுக்கும், அதற்கு இடமளித்த தங்களுக்கும் நன்றி தெரிவித்துக்கொள்கிறேன். மேற்படிப்பில் இந்தப் பிரிவைத் தேர்ந்தெடுக்க அந்தப் பயிற்சியே காரணம்.

என் பொறுப்பில் உள்ள அவசர மருந்து வண்டிச் சரிபார்ப்பு, போதை மருந்துப் பதிவேடு, பிரிவின் தொற்றுத் தடுப்புப் பதிவுகள் ஆகியவற்றைத் தாங்கள் குறிப்பிடும் செவிலியரிடம் 14.8.2025-க்குள் எழுத்து மூலம் ஒப்படைக்கிறேன்.

விடுவிப்பு ஆணையையும், சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, பணியாற்றிய பிரிவுகள் ஆகியவை அடங்கிய அனுபவச் சான்றிதழையும், பணியில் சேரும்போது ஒப்படைத்த என் அசல் சான்றிதழ்களையும் 19.8.2025 அன்று வழங்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: சேர்க்கை ஆணை நகல், அசல் சான்றிதழ்களின் பட்டியல்
நகல்: மனிதவளத் துறை

இந்தக் கடிதத்தில் 19.8.2025 என்ற தேதி திரும்பத் திரும்ப வருவது வேண்டுமென்றே செய்தது. மனிதவளத் துறையில் பலருக்கு மாதக் கடைசியையே விலகல் தேதியாகப் போட்டுவிடும் பழக்கம் உண்டு. சம்பளக் கணக்குக்கு அது வசதி. முன்னறிவிப்புக் குறைவை விடுப்பால் ஈடுகட்டினால், விடுப்பு முடியும் நாளை விலகல் தேதியாகப் பதிவதும் உண்டு. வேறு வேலைக்குப் போகிறவருக்கு இதனால் வரும் நஷ்டம் சிறிது. முழுநேரப் படிப்பில் சேர்கிறவருக்கோ, ஆகஸ்ட் 21-இல் கல்லூரி மாணவர், ஆகஸ்ட் 31 வரை மருத்துவமனை ஊழியர் என்று இரண்டு ஆவணம் ஒன்றுக்கொன்று முரணாக நிற்கும். பின்னாளில் வெளிநாட்டு வேலைக்கோ ஆசிரியர் பணிக்கோ சான்றிதழ்களைச் சரிபார்க்கும்போது இந்தப் பதினொரு நாள் முரண்பாட்டுக்கு விளக்கம் கேட்பார்கள். வைப்பு நிதிக் கணக்கிலும் இதே தேதிதான் ஏற வேண்டும். நிர்வாகம் விலகல் தேதியே போடாமல் விட்டால், கடைசிச் சந்தா செலுத்தப்பட்டு இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையத்தில் பதிந்துகொள்ள வழி இருக்கிறது. தவறான தேதி ஏறிவிட்டால் அதைத் திருத்த மறுபடியும் நிர்வாகத்தின் தயவு வேண்டியிருக்கலாம். தேதியோடு ஷிப்டையும் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். 19-ஆம் தேதி இரவுப் பணி போட்டால் வேலை 20-ஆம் தேதி காலையில்தான் முடியும். வருகைப் பதிவேட்டில் ஒரு நாள், விடுவிப்பு ஆணையில் இன்னொரு நாள் என்று ஆகிவிடும். கடைசி நாளுக்குப் பகல் பணி கேட்டு வாங்கினால் நிலுவையின்மைப் படிவத்தில் மருந்தகம், நூலகம், கணக்குப் பிரிவு என்று கையொப்பம் வாங்கவும் அலுவலகம் திறந்திருக்கும்.

காரணத்தைச் சொல்ல வேண்டிய அவசியம் என்ன, ‘சொந்தக் காரணம்’ போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. விலகுவதற்கு அது போதும். ஆனால் இந்தக் கடிதம் அதற்கு மேலும் ஒரு சலுகை கேட்கிறது: முன்னறிவிப்பில் 12 நாளைக் குறைத்துக்கொள்ளச் சொல்கிறது. காரணமும் ஆதாரமும் இல்லாமல் அதைக் கேட்டால், பக்கத்துத் தெரு மருத்துவமனையில் கூடுதல் சம்பளம் கிடைத்துவிட்டது என்றுதான் நிர்வாகம் நினைக்கும். சேர்க்கை ஆணையின் நகல் அந்தச் சந்தேகத்தைப் போக்கிவிடுகிறது. கல்லூரியின் பெயரைக் கடிதத்தின் உடலில் எழுத வேண்டியதில்லை. இணைப்பில் இருப்பதே போதும். ஆனால் ஒன்று: விண்ணப்பித்திருக்கிறேன், கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் இந்தக் கடிதத்தைக் கொடுக்காதீர்கள். இட ஒதுக்கீட்டு ஆணை கைக்கு வந்து, கட்டணமும் கட்டிய பிறகே கொடுக்க வேண்டும். இடையில் செவிலியர் கண்காணிப்பாளரிடம் வாய்மொழியாக முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். அடுத்த மாதப் பணி அட்டவணை போடுகிறவர் அவர். கடிதம் அவர் வழியாகப் போவதும் அதனால்தான். மேலிடத்துக்கு நேரே கொடுத்துவிட்டு அவருக்குக் கடைசியில் தெரியவந்தால், ஒப்படைப்பும் கடைசி வார அட்டவணையும் சிக்கலாகும்.

நன்றி சொல்லும் பத்தியில்தான் எதிர்ப்பு அதிகம் வருகிறது. குறைந்த சம்பளம், ஒரு செவிலியருக்கு நான்கைந்து தீவிர நோயாளிகள், இரட்டை ஷிப்ட் என்று வேலை வாங்கிய இடத்துக்கு எதற்கு நன்றி, அது பொய்யில்லையா என்ற கேள்வி நியாயமானது. பொய்யான நன்றியை எழுத வேண்டாம் என்பதே என் கருத்தும். ‘குடும்பம் போல நடத்தினீர்கள், என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறேன்’ என்பது பொய்யாக இருந்தால் படிப்பவருக்கும் அது தெரியும். நிறுவனம் முழுவதற்கும் நன்றி சொல்ல முடியாதபோதும், அங்கே கற்றுக்கொண்ட ஒரு குறிப்பிட்ட திறமைக்கும் அதைக் கற்றுக்கொடுத்தவருக்கும் உண்மையாகவே நன்றி சொல்ல முடியும். டயாலிசிஸ் பிரிவில் இருந்தவர் ஃபிஸ்டுலாவில் ஊசி போடக் கற்றுக்கொடுத்தவரை நினைக்கலாம். பிரசவ அறையில் இருந்தவர் பார்ட்டோகிராஃப் குறிக்கப் பழக்கியவரை நினைக்கலாம். அந்த ஒரு வாக்கியத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. அனுபவச் சான்றிதழை எழுதுகிறவர் உங்கள் பணியை விவரிக்க இந்தக் கடிதத்தில் உள்ள சொற்களையே எடுக்கக்கூடும். ‘நன்றாகப் பணியாற்றினார்’ என்பதைவிட ‘வென்டிலேட்டர் நோயாளிகளைப் பராமரித்தார்’ என்ற வரி மருத்துவ–அறுவை சிகிச்சைப் பிரிவில் சேர்கிறவருக்கு எவ்வளவு பயன்படும் என்று சொல்லத் தேவையில்லை.

குறைகளை எழுதக் கூடாதா? எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் வேறொரு தாளில். செவிலியர் பற்றாக்குறையால் நோயாளிக்கு ஆபத்து நேர்கிறது என்றால் அதைத் தேதி, ஷிப்ட், நோயாளி எண்ணிக்கையோடு தனிக் குறிப்பாகச் செவிலியர் கண்காணிப்பாளருக்குக் கொடுத்தால் அது நடவடிக்கைக்குரிய ஆவணம் ஆகும். விலகல் கடிதத்தில் கலந்தால் போகிறவரின் கோபம் என்று ஒதுக்கப்படும், விடுவிப்பும் தாமதமாகும். குறையைச் சொல்வதில் உண்மையான அக்கறை உள்ளவர்கள் அது கேட்கப்படும் இடத்தில்தான் சொல்ல வேண்டும்.

இவ்வளவு பணிவாக எழுதினால் ‘ஆள் கிடைக்கும் வரை இரு’ என்று நிர்வாகம் இழுத்தடிக்காதா என்பது மூன்றாவது மறுப்பு. பணிவு வேறு, தேதியை விட்டுக்கொடுப்பது வேறு. ‘தாங்கள் அனுமதித்தால் விலக விரும்புகிறேன்’, ‘தங்களுக்கு வசதியான நாளில் விடுவிக்கவும்’ என்ற வரிகள்தான் இழுத்தடிக்க இடம் கொடுக்கின்றன. மேலே உள்ள கடிதம் விலகலை அறிவிக்கிறது. கணக்கைத் தீர்க்கும் முறைக்கும் சான்றிதழ்களுக்கும் மட்டுமே வேண்டுகோள் வைக்கிறது. முன்னறிவிப்பைக் குறைக்க நிர்வாகம் மறுத்தால் 12 நாளுக்கும் முழுச் சம்பளமான 9,600 ரூபாயைக் கட்டிவிட்டுப் போக நியமன ஆணை இடம் தருகிறதா என்று பாருங்கள். தந்தால் அதையும் எழுத்தில் தெரிவியுங்கள். ஒப்படைப்புப் பத்தி இங்கேதான் உதவுகிறது. நர்ஸ் போய்விட்டால் வேலை நின்றுவிடும் என்பதே நிர்வாகத்தின் உண்மையான பயம். போதை மருந்துப் பதிவேட்டின் இருப்பையும் அலமாரிச் சாவியையும் இரண்டு கையொப்பத்தோடு இன்ன தேதிக்குள் இன்னாரிடம் தருகிறேன் என்று எழுதுகிறவரைத் தடுத்து வைக்கக் காரணம் குறைகிறது. அந்தப் பதிவேட்டில் ஒரு ஆம்பூல் கணக்கு இடித்தாலும் நீங்கள் போன பிறகு உங்கள் பெயர்தான் இழுபடும் என்பதால், ஒப்படைப்பை எழுத்தில் முடிப்பது உங்களுக்கான பாதுகாப்பும்கூட. நிர்வாகச் செலவில் பயிற்சி பெற்று அதற்காகக் குறிப்பிட்ட காலம் பணிபுரிய ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருந்தால், அதைக் கடிதத்தில் மறைக்காமல் எவ்வளவு காலம் மீதி என்றும் அதற்கான தொகையை எப்படித் தீர்ப்பதென்றும் கேட்டு ஒரு வரி சேருங்கள்.

அரசு மருத்துவமனையில் நிரந்தரப் பணியில் இருப்பவர்களுக்கு இந்த மாதிரிக் கடிதம் பொருந்தாது. அரசுப் பணியில் ராஜினாமா செய்தால் அதுவரையிலான பணிக்காலப் பலன்களை இழக்க நேரிடும். அவர்கள் தடையின்மைச் சான்று பெற்று விண்ணப்பித்து, துறையின் அனுமதியோடும் விடுப்போடும் படிக்கப் போகும் வழியையே முதலில் பார்க்க வேண்டும்.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துக் கொண்டுபோய், ஒன்றில் பெற்றுக்கொண்டவரின் கையொப்பம், தேதி, அலுவலக முத்திரை மூன்றையும் வாங்குங்கள். ‘பிறகு போட்டுத் தருகிறேன்’ என்றால் அன்று மாலையே கடிதத்தை மனிதவளத் துறையின் மின்னஞ்சலுக்கும் அனுப்பிவிடுங்கள். 30 நாள் கணக்கு எந்த நாளில் தொடங்கியது என்பதற்கு அதுவே சாட்சி. அசல் சான்றிதழ்களைத் திரும்ப வாங்கும்போது பட்டியலோடு ஒத்துப் பார்த்து, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழிலிருந்து மன்றப் பதிவுச் சான்றிதழ் வரை எல்லாம் வந்துவிட்டனவா என்று அங்கேயே எண்ணுங்கள். விடுவிப்பு ஆணையில் உள்ள தேதியையும் பெயரின் எழுத்துகளையும் மேஜையை விட்டு எழுவதற்கு முன் படித்துவிடுங்கள். பிழை இருந்தால் அங்கேயே திருத்திப் புது முத்திரை வாங்குவது ஐந்து நிமிட வேலை, கல்லூரியில் சேர்ந்த பிறகு அதற்காக ஒரு நாள் விடுப்பெடுத்துத் திரும்பி வர வேண்டியிருக்கும்.